நின்று திரும்பும் ஒளி: முப்பட்டகமும் ஓர் அரைக்கோணச் சூத்திரமும்

எல்லோருக்கும் மாலை வணக்கம்.

1672 பிப்ரவரியில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஐசக் நியூட்டன் ஒரு கடிதம் எழுதினார். இருட்டறை, ஜன்னல் கதவில் சிறு துளை, துளையருகே ஒரு முப்பட்டகம், எதிர்ச் சுவரில் வானவில் நிறங்கள். இந்தக் காட்சியை எல்லாப் பாடப்புத்தகமும் படமாகப் போட்டிருக்கிறது. அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்களைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு அந்த எண்களை எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். பிளஸ் டூவில் நாம் மனப்பாடம் செய்த சிறும திசைமாற்றச் சூத்திரம் முழுதாக அவற்றுக்குள் இருக்கிறது.

துளையின் விட்டம் கால் அங்குலம். சுவர் 22 அடி தூரத்தில். சுவரில் விழுந்த பிம்பத்தின் அகலம் இரண்டே ஐந்தெட்டு, அதாவது 2.625 அங்குலம். நீளம் 13.25 அங்குலம். முப்பட்டகத்தின் கோணம் 63 டிகிரி 12 நிமிடம். இங்கே நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நேராகப் போயிருக்க வேண்டிய பாதையிலிருந்து ஒளி திரும்பிய கோணம் 44 டிகிரி 56 நிமிடம்.

முதலில் அகலத்தைப் பார்ப்போம். சூரிய வட்டு நம் கண்ணுக்கு ஏறக்குறைய 31 நிமிடக் கோணத்தில் தெரிகிறது. 22 அடி என்பது 264 அங்குலம். அந்தத் தூரத்தில் 31 நிமிடக் கோணம் 2.38 அங்குலம் விரியும். துளையின் கால் அங்குலத்தைச் சேர்த்தால் 2.63. நியூட்டன் அளந்தது 2.625. அகலம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சூரியன் வட்டம்தானே, நீளமும் அதே அளவில் அல்லவா இருக்க வேண்டும்? இருந்ததோ ஐந்து மடங்கு.

"ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளிவிலகல் எண் வேறு, அதனால் நீண்டது" என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. நியாயமான ஓர் ஆட்சேபணை இருந்தது. சூரியனின் மேல் விளிம்பிலிருந்து வரும் கதிரும் கீழ் விளிம்பிலிருந்து வரும் கதிரும் முப்பட்டகத்தில் ஒரே படுகோணத்தில் விழுவதில்லை. அரை டிகிரி வித்தியாசம் இருக்கிறது. படுகோணம் மாறினால் திரும்பும் கோணமும் மாறும். நிறத்தை இழுக்காமல் அது ஒன்றே பிம்பத்தை நீட்டியிருக்கலாமே?

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வது இல்லை, உண்மையிலேயே நடக்கும். ஒளிவிலகல் எண் 1.5, கோணம் 60 டிகிரி உள்ள முப்பட்டகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். படுகோணம் 30 டிகிரி என்றால் ஒளி 77 டிகிரியில் வெளியேறும். படுகோணம் 35 என்றால் 66 டிகிரியில் வெளியேறும். உள்ளே 5 டிகிரி இடைவெளியில் போன இரண்டு கதிர்கள் வெளியே 11 டிகிரி இடைவெளியில் வருகின்றன. ஒரே நிறமாக இருந்தாலும் வட்டமான சூரியன் இங்கே இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுதான் தெரியும்.

இந்த ஆட்சேபணைக்கு இடமே இல்லாத ஒரு நிலையில் நியூட்டன் முப்பட்டகத்தை வைத்திருந்தார். நுழையும் பக்கத்திலும் வெளியேறும் பக்கத்திலும் ஒளி சரிசமமாக விலகும்படி, முடிந்தவரை சமப்படுத்தி வைத்ததாக அவரே எழுதுகிறார். அந்த நிலைக்கு என்ன விசேஷம்?

படுகோணத்தைச் சின்ன அளவிலிருந்து கூட்டிக்கொண்டே போனால், ஒளி திரும்பும் கோணம் முதலில் குறையும், ஓரிடத்தில் நிற்கும், அப்புறம் கூடும். ஊஞ்சல் ஒரு முனைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் தயங்குவதுபோல் ஒரு தயக்கம் அது. அதே 60 டிகிரி முப்பட்டகத்தில் படுகோணம் 40 என்றால் ஒளி திரும்புவது 38.5 டிகிரி. 45 என்றால் 37.4. 50 என்றால் 37.2. 55 என்றால் 37.7. 60-க்குப் போனால் 38.9. நடுவில் 48.6 டிகிரியில் 37.18 என்ற அடிமட்டம் இருக்கிறது. அதுதான் சிறும திசைமாற்றக் கோணம்.

அந்த அடிமட்டத்தில் இரண்டு பக்கமும் ஏன் சமமாக இருக்க வேண்டும்? வகைநுண்கணிதம் இல்லாமலே சொல்லலாம். ஒளியின் பாதையை அப்படியே திருப்பிவிடலாம் என்பது நமக்குத் தெரியும். 40 டிகிரியில் நுழைந்த கதிர் 58.5 டிகிரியில் வெளியேறுகிறது என்றால், 58.5-இல் நுழைகிற கதிர் 40-இல் வெளியேறும். இரண்டும் ஒரே அளவுதான் திரும்பும். ஆக ஒவ்வொரு திசைமாற்றத்துக்கும் ஒரு ஜோடிப் படுகோணங்கள் உண்டு. அடிமட்டத்தை நெருங்க நெருங்க அந்த ஜோடியும் ஒன்றையொன்று நெருங்குகிறது. அடிமட்டம் ஒன்றே ஒன்று என்பதால் அங்கே இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிட வேண்டும். அதாவது நுழையும் கோணமும் வெளியேறும் கோணமும் சமம்.

இது பிடிபட்டால் சூத்திரம் தானாக வந்துவிடும். கண்ணாடிக்குள் இரண்டு பக்கத்திலும் உள்ள விலகுகோணங்களின் கூட்டுத்தொகை எப்போதும் முப்பட்டகக் கோணம் A. இரண்டும் சமமானால் ஒவ்வொன்றும் A-யில் பாதி. வெளியே நுழையும் கோணத்தையும் வெளியேறும் கோணத்தையும் கூட்டி A-யைக் கழித்தால் திசைமாற்றம் D கிடைக்கும். அவையும் சமம் என்பதால் ஒவ்வொன்றும் A, D இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி. ஸ்நெல் விதியில் இவற்றைப் போட்டால்:

```
n = sin((A + D)/2) / sin(A/2)
```

படுகோணத்தை அளக்கவே தேவையில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தை மனதில் வரைந்து, அதிலிருந்து கோணம் எடுக்கும் தொல்லை போய்விட்டது. ஆய்வகத்தில் சுலபமாக அளக்கக்கூடிய இரண்டு கோணங்கள் மட்டும் போதும்.

நியூட்டனின் எண்களை இதில் போடுவோம். 63 டிகிரி 12 நிமிடமும் 44 டிகிரி 56 நிமிடமும் சேர்ந்து 108 டிகிரி 8 நிமிடம். பாதி 54 டிகிரி 4 நிமிடம். கடிதத்தில் அவர் தரும் கோணமும் இதே 54 டிகிரி 4 நிமிடம்தான். அதன் சைன் 0.8097. கீழே 31 டிகிரி 36 நிமிடத்தின் சைன் 0.5240. வகுத்தால் 1.545. தன் கண்ணாடியின் விகிதம் 20-க்கு 31 என்று அவர் எழுதியிருக்கிறார், அதாவது 1.55.

இப்போது ஆட்சேபணைக்கு வருவோம். அடிமட்டத்தில் படுகோணம் கொஞ்சம் மாறினாலும் திசைமாற்றம் மாறுவதில்லை. படுகோணம் அரை டிகிரி கூடினால் வெளியேறும் கோணம் அதே அரை டிகிரி குறைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கூட்டுத்தொகை மாறிவிடும். உள்ளே 31 நிமிட இடைவெளியில் போன கதிர்கள் வெளியேயும் 31 நிமிட இடைவெளியில்தான் வரும். ஒரே நிறமாக இருந்தால் சுவரில் வட்டம்தான் விழுந்திருக்க வேண்டும். விழுந்த நீளமோ 2 டிகிரி 49 நிமிடம். கணக்கோடு அவர் நிற்கவில்லை. முப்பட்டகத்தை அச்சில் முன்னும் பின்னுமாக 4, 5 டிகிரிக்கு மேலேயே திருப்பிப் பார்த்து, சுவரில் நிறங்கள் கண்ணுக்குத் தெரியும்படி நகரவில்லை என்றும் எழுதினார். அரை டிகிரி வித்தியாசம் இவ்வளவு பெரிய நீளத்தைத் தர முடியாது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

சரி, நம் ஆய்வகத்துக்கு வருவோம். நிறமாலைமானியில் இணையாக்கியின் பிளவுக்கு முன் சோடியம் ஆவி விளக்கு. முப்பட்டகத்தின் இரண்டு பக்கங்களிலும் எதிரொளித்து வரும் பிம்பங்களைத் தொலைநோக்கியில் பார்த்து அளவு எடுத்தால், அவற்றுக்கு இடையே உள்ள கோணம் 2A. அடுத்ததாக விலகி வரும் மஞ்சள் கோட்டை முதலில் வெறும் கண்ணால் தேடிப் பிடித்துவிட்டுத் தொலைநோக்கியை அங்கே கொண்டுவர வேண்டும். மேடையை மெதுவாகச் சுற்றினால் கோடு நேர்க்கதிர் இருக்கும் பக்கமாக நகரும், தொலைநோக்கி அதைப் பின்தொடரும். ஓரிடத்தில், மேடை அதே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, கோடு நின்று வந்த வழியே திரும்பும். அந்த இடத்தில் குறுக்குக் கம்பியைப் பொருத்தி அளவு எடுக்க வேண்டும்.

நேர்க்கதிர் அளவு 342 டிகிரி 46 நிமிடம், சிறும நிலை அளவு 21 டிகிரி 24 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 321 டிகிரி 22 நிமிடம். இதைப் பார்த்து மிரளும் மாணவர் நிறையப் பேர். தொலைநோக்கி வழியில் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். 360-இலிருந்து கழித்தால் 38 டிகிரி 38 நிமிடம். A சரியாக 60 என்றால் கூட்டுத்தொகையில் பாதி 49 டிகிரி 19 நிமிடம், சைன் 0.7583. சைன் 30, அதாவது 0.5-ஆல் வகுத்தால் 1.517. சாதாரண கிரௌன் கண்ணாடிக்கு இது பொருத்தமான எண்.

இந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம்? வெர்னியரின் மீச்சிற்றளவு ஒரு நிமிடம். D-யில் ஒரு நிமிடம் பிசகினால் ஒளிவிலகல் எண்ணில் 0.0002 மாறும். A-யில் பிசகினாலும் கிட்டத்தட்ட அதே அளவு. மேடையைச் சிறும நிலையிலிருந்து ஒரு முழு டிகிரி தள்ளி நிறுத்திவிட்டாலோ, D மாறுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வெர்னியருக்கே அது தெரியாது. கை நடுக்கத்தை இந்த நிலை அப்படி மன்னித்துவிடுகிறது.

ஆனால் மன்னிப்புக்கும் அளவு உண்டு. கோடு திரும்புவதைப் பார்க்காமலே, கண்ணில் பட்ட ஓரிடத்தில் அளவு எடுத்துச் சூத்திரத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முன்னே சொன்ன 1.5 கண்ணாடியில் படுகோணம் 40 டிகிரியில் எடுத்தால், 37.18-க்குப் பதில் 38.5 கிடைத்து, ஒளிவிலகல் எண் 1.515 என்று வரும். தள்ளி எடுத்தது எந்தப் பக்கமாக இருந்தாலும் D கூடத்தான் செய்யும், விடையும் கூடத்தான் செய்யும். அதனால் பத்து முறை எடுத்துச் சராசரி போட்டாலும் இந்தப் பிழை போகாது. ஒரு வகுப்பில் எல்லோருடைய விடையும் உண்மையான அளவுக்கு மேலேயே இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பாதரச விளக்கு வைத்தால் இன்னொரு கவனமும் வேண்டும். ஒவ்வொரு நிறக் கோட்டுக்கும் திரும்பும் இடம் வேறு. பச்சைக்குச் சரிசெய்த மேடையை அப்படியே விட்டுவிட்டு ஊதாவை அளக்கக் கூடாது.

சூத்திரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சைன் ஒன்றைத் தாண்டாது. 60 டிகிரி முப்பட்டகத்தில் கீழே 0.5 இருப்பதால் ஒளிவிலகல் எண் 2 வரைதான் போக முடியும். வைரத்தின் எண் 2.42. அதில் 60 டிகிரி முப்பட்டகம் வெட்டினால், முதல் பக்கத்தில் எப்படி ஒளியைச் செலுத்தினாலும் இரண்டாம் பக்கத்தில் முழு அக எதிரொளிப்பாகிவிடும். தேடுவதற்குக் கோடே இருக்காது. வைரத்தை இந்த முறையில் அளக்க வேண்டுமானால் முப்பட்டகக் கோணம் ஏறக்குறைய 49 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையை ஒட்டி வெட்டினால் ஒளி பக்கத்தை உரசிக்கொண்டே நுழைந்து உரசிக்கொண்டே வெளியேறும், பிம்பம் மங்கிவிடும். 30 டிகிரி அளவில் வெட்டினால் படுகோணம் 39 டிகிரிக்குப் பக்கத்தில் வரும், அளப்பதும் சுலபம்.