ஸ்லாட் போடுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஆன்லைன் தேர்வு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே எழுதலாம்; கேமரா வழியாகக் கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார். இதில் ஒரு கேள்வியைக்கூடப் பார்க்காமலே வாய்ப்பை இழக்கிறவர்கள் உண்டு. அதுதான் எனக்கு ஆறவே ஆறாது.

முதல் சிக்கல் நம்முடைய இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எம். கவிதா', விண்ணப்பத்தில் 'கவிதா எம்', ஆதாரில் 'கவிதா முருகேசன்' என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பெண்தான். எங்கோ வெளிமாநிலத்தில் உட்கார்ந்து அட்டையைப் பார்க்கும் கண்காணிப்பாளருக்கு அது புரியாது. பெயர் பொருந்தாவிட்டால் உள்ளே விட அவருக்கு அனுமதியும் இல்லை. அதனால் தேர்வன்று காட்டப்போகும் அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி அனுப்பச் சொல்கிறேன். அதன்படி பட்டியலைத் திருத்திய பிறகுதான் ஸ்லாட்டை உறுதிசெய்கிறேன். இன்னொன்று, லேமினேட் செய்த அட்டையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் கேமராவில் வெறும் வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்.

சமீபத்தில் ஒரு தம்பிக்குக் காலை பத்து மணி ஸ்லாட். மூன்று நாள் முன்னதாகவே சோதனை லிங்க் அனுப்பினேன். அண்ணனுடைய ஆபீஸ் லேப்டாப்பில் திறந்தார். கேமரா, மைக் இரண்டும் சரி. ஆனால் தேர்வுக்கான பிரவுசரை இன்ஸ்டால் செய்யப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அது அலுவலகத்திடம்தான் இருக்கும். நண்பரின் லேப்டாப்பை வாங்க அவருக்கு மூன்று நாள் இருந்தது. அதே சங்கதி தேர்வன்று ஒன்பதே முக்காலுக்குத் தெரியவந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

பேச்சுவாக்கில், அன்றைக்கு அவர் ஊரில் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் கட் என்பதும் தெரிந்தது. "லேப்டாப்பில் சார்ஜ் நிற்கும் சார்" என்றார். லேப்டாப் ஓடும், வைஃபை ரவுட்டர் அணைந்துவிடுமே. மாலை நான்கு மணிக்கு மாற்றினேன். இப்போதெல்லாம் தேதி கேட்கும்போதே மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

நெட் போனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறலாம். ஆனால் தேர்வு அறையில் மொபைலைத் தொடக்கூடாது என்பதும் விதி! இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, போனை எடுத்ததற்காகவே முறைகேடு என்று குறிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன்: போன் மேஜையின் ஓரத்தில், திரை கீழ்நோக்கி இருக்கலாம், இணைப்பு அறுந்தால் மட்டும் எடுக்கலாம். இதன் நகல் கண்காணிப்பாளருக்கும் போகும். இணைப்பு இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுமா, நிற்குமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்; அதைத் தேர்வு நடத்துபவரிடம் கேட்டு அதே கடிதத்தில் சேர்க்கிறேன். பத்து நிமிடத்துக்குள் திரும்ப நுழைய முடியாதவர்களுக்கு, அதே வாரத்தில் வேறு வினாத்தாளோடு ஒரு மாற்று ஸ்லாட் வைத்திருப்பேன்.

அந்தத் தம்பிக்கும் நாலே முக்காலுக்கு நெட் போனது. ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை முந்தின நாளே லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தார். இரண்டே நிமிடத்தில் திரும்பவும் உள்ளே வந்துவிட்டார்.