பிரேக்அவுட் அறையில் 20 நொடி

நேயர்களுக்கு வணக்கம். ஆன்லைன் பயிற்சியில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கமாக இருக்கும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஜூம் திரையில் Join என்று ஒரு பொத்தான் வரும், அதை அழுத்தினால் ஐந்து பேர் மட்டும் இருக்கும் சின்ன அறைக்குள் போய்விடுவோம், மற்ற நாலு பேரும் முன்பின் தெரியாதவர்கள். ஆளுக்கு 20 நொடி அறிமுகம், அப்புறம் விவாதம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறவன் நான். அந்த 20 நொடியைப் பற்றி மட்டும் இன்றைக்குப் பேசுகிறேன்.

நிதானமாகப் பேசினால் 20 நொடியில் தமிழில் முப்பது, முப்பத்தைந்து வார்த்தை சொல்லலாம். பெரும்பாலானவர்கள் அதை இப்படிச் செலவழிக்கிறார்கள்: பெயர், எம்.எஸ்சி., பி.எட்., மாவட்டம், ஒன்றியம், பள்ளியின் முழுப்பெயர், பதவி, எத்தனை வருட அனுபவம், வாய்ப்புக்கு நன்றி. எல்லாம் உண்மைதான், மரியாதையாகவும் இருக்கிறது. ஆனால் கேட்டவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? "சரிங்க டீச்சர்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. ஐந்து பேரும் இப்படியே முடித்தபின் அறையில் ஒரு மௌனம் விழும் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும், யாரிடம் எதைக் கேட்பது என்று யாருக்கும் பிடி கிடைக்கவில்லை.

மலர் என்று ஒரு கணக்கு ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்: "எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பின்னக் கூட்டல் வந்தாலே பாதிப் பிள்ளைகள் மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டிவிடுகிறார்கள், அதற்கு வழி தேடித்தான் வந்தேன். என் பெயர் மலர். அடுத்து கண்ணன் சார் சொல்லுங்க."

ஏறக்குறைய அதே நீளம்தான், ஆனால் இதில் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் ஒரு பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கு எடுக்கிற எவருக்கும் அந்த விடைத்தாள் ஞாபகம் வந்துவிடும், "எங்க பள்ளியிலயும் அதே கதைதான், நான் காகிதம் மடிச்சுக் காட்டுவேன்" என்று ஒருவர் தொடங்கிவிடுவார். படிப்பும் அனுபவமும் வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள்.

பெயரை ஏன் முதலில் வைக்கவில்லை? மைக்கை அன்மியூட் செய்த கையோடு பேசினால் முதல் அசை பல சமயம் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை, நெட் சுமாராக இருந்தால் முதல் சொல்லே போய்விடும். அந்த இடத்தில் வணக்கம் போனால் நஷ்டமில்லை, பெயர் போனால் நஷ்டம். அதோடு, திரையில் Redmi என்றோ உங்கள் மகன் பெயரோ இருந்தால், அறைக்குப் போகும் முன்பே Rename போய் மாற்றிவிடுங்கள்.

அடுத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் முக்கியம். ஜூமில் முகங்கள் அடுக்கியிருக்கும் வரிசை எல்லார் திரையிலும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் "அடுத்தவர் பேசலாம்" என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், இரண்டு பேரும் நிறுத்துவார்கள், "நீங்க சொல்லுங்க", "இல்ல சார் நீங்க" என்று பத்து நொடி போய்விடும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 1973-இல் மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர், குழுவாக உட்கார்ந்தவர்களை முறை வைத்துச் சொற்களை உரக்க வாசிக்கச் சொல்லிச் சோதித்தார். தன் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்டதுதான் ஒவ்வொருவருக்கும் குறைவாக நினைவில் நின்றது. நம் அறையிலும் இதுதான் நடக்கிறது. நமக்கு முந்தினவர் பேசும்போது நாம் மனசுக்குள் நம் வரிகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவர் பெயர்கூட காதில் ஏறுவதில்லை. அதனால் பயிற்சிக்கு முந்தின நாளே நாலு வரி எழுதி, ஒருமுறை செல்போன் கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அந்தத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கு வேலை இல்லை, மற்றவர் சொல்வதைக் கேட்டு அவர் பெயரை அதே தாளில் குறித்துக்கொள்ளலாம்.

யாராவது ஒன்றரை நிமிடம் பேசினால் மற்றவர்களும் தயங்காமல் அதே அளவுக்கு நீட்டுவார்கள், பத்து நிமிட அறையில் ஏழரை நிமிடம் அறிமுகத்திலேயே தீர்ந்துவிடும். ஆகவே, முதலில் பேசக் கூச்சமில்லாதவர் நீங்கள் என்றால், நீங்களே தொடங்கி 20 நொடியில் முடித்துவிடுங்கள். அறை மூடும்போது வழக்கமாக 60 நொடி எண்ணிக்கை ஓடும். தொடர்ந்து பேச வேண்டியவர் என்று தோன்றுகிறவரிடம் அதற்கு முன்பே நம்பர் கேட்டு அந்தத் தாளில் எழுதிவிடுங்கள், பெரிய வகுப்புக்குத் திரும்பிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.