காற்று ‘பிக்ஸ் அப்’ ஆனால் படகு போகுமா? விருந்தாளிக்குப் புரிகிற இங்கிலீஷ்

திரையில்: பாம்பன் கரை, காலை வெளிச்சம். கட்டிக் கிடக்கும் படகுகள். ஒரு கைபேசியில் செய்தி.

குரல்: வணக்கம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும், படகுச் சவாரி நடத்துகிறவர்களுக்கும் இந்த வீடியோ. உங்களிடம் வருகிறவர்களில் குஜராத்திக் குடும்பம் உண்டு, வங்காளி யாத்ரீகர்கள் உண்டு, பட்டம் கட்டிக்கொண்டு அலையில் சறுக்க வரும் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. இவர்களில் யாருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. நமக்கும் இல்லை. அப்படி இருந்தும் வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. உதாரணத்துக்காக நானே எழுதியது இது.

திரையில்: வீ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ் ஷார்ப். ட்ரிப் இஸ் ஆஃப் இஃப் த விண்ட் பிக்ஸ் அப். ஹேங் ஆன் டில் வீ புல் இன்.

குரல்: எல்லாமே சின்னச் சின்னச் சொற்கள். பிக், அப், ஆஃப், ஹேங், ஆன், புல், இன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூட ஒவ்வொன்றையும் வாசித்துவிடும். சின்னச் சொல் என்றால் எளிய சொல் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதுதான் இங்கே சிக்கல்.

ஒரு வினைச்சொல்லோடு அப், ஆஃப், ஆன், இன், அவுட் மாதிரி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தந்தால், அது ஃப்ரேஸல் வெர்ப். இரண்டு பாதிகளின் பொருளைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் புதுப் பொருள் கிடைக்காது. ‘பிக்’ என்றால் எடுப்பது, பறிப்பது. ‘அப்’ என்றால் மேலே. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ‘காற்று பலமாகும்’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? போதாக்குறைக்கு முதல் வரியில் அதே பிக் அப்புக்கு ‘வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போவோம்’ என்று பொருள். அடுத்த வரியில் காற்று யாரையோ கூட்டிக்கொண்டு போகிறது.

அகராதியைப் புரட்டினாலும் எளிதில் விடிவதில்லை. வாசகர் ‘பிக்’ என்று தேடுவார். அந்தத் துண்டையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ‘பிக் யூ அப்’ என்று நடுவில் ஓர் ஆளைச் செருகிவிட்டால், சேர வேண்டிய இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதுகூட இல்லை.

இதில் வேடிக்கையான ஒரு பழைய கதை உண்டு. 1930-இல் சி. கே. ஆக்டன் என்பவர் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மொத்தம் 850 சொற்கள், அதில் வினைச்சொல் வெறும் 18. கம், கோ, கெட், கிவ், புட், டேக் போன்றவை. வினைச்சொல் இவ்வளவு குறைந்தால் மற்ற வேலைகளை எப்படிச் சொல்வது? இருக்கிறதோடு துண்டுகளை ஒட்டித்தான். பட்டியல் சுருங்கியது, ஆனால் கற்கிறவர் தலையில் ஒட்டுச் சேர்க்கைகளின் பாரம் ஏறியது.

விமானப் பராமரிப்புக் கையேடு எழுதுகிறவர்கள் நேர் எதிராகப் போனார்கள். உலகெங்கும் மெக்கானிக்குகள் அதே கையேட்டைத்தான் வாசிக்க வேண்டும். பலருக்கு இங்கிலீஷ் இரண்டாவது மொழி. 1986-இல் முதலில் வெளிவந்து, இப்போது ASD-STE100 என்று அழைக்கப்படும் அந்த விதித்தொகுப்பு, ஃப்ரேஸல் வெர்ப் வேண்டாம் என்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. நமக்கு அந்த முழு விதிப் புத்தகம் தேவையில்லை, அந்தப் புத்தி போதும்.

சரி, நம் செய்திக்கு வருவோம். ‘ட்ரிப் இஸ் ஆஃப்’ என்பதற்கு ‘கேன்சல்’ என்று ஒரே சொல் இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் தெரிந்த சொல். பிரெஞ்சுக்காரருக்கு அது உடனே தெரியாவிட்டாலும், தேடினால் ஒரே இடத்தில் பொருள் கிடைத்துவிடும். தள்ளிப்போடுவதற்கு ‘புட் ஆஃப்’ வேண்டாம், ‘போஸ்ட்போன்’ போதும். எழுத்து கூடினாலும் புரிவது சுலபம்.

‘ஹேங் ஆன்’ கொஞ்சம் ஆபத்தானது. ‘பொறு’ என்றும் பொருள், ‘கெட்டியாகப் பிடித்துக்கொள்’ என்றும் பொருள். படகு கரையை அணையும்போது ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் விளிம்பைப் பிடிப்பார். விளிம்பில் விரல் இருக்கும்போது படகு தளத்தில் இடித்தால் என்ன ஆகும் என்று படகோட்டி அண்ணன்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எது வேண்டுமோ அதை மட்டும் எழுத வேண்டும்: படகு நிற்கும்வரை உட்கார்ந்திருங்கள், கையை உள்ளே வையுங்கள்.

இப்போது ‘விண்ட் பிக்ஸ் அப்’. ‘இஃப் த விண்ட் இஸ் ஸ்ட்ராங்’ என்று மாற்றலாம். மாற்றிய உடனே ஒரு கேள்வி எழும்: பலமா இல்லையா என்று யார் முடிவு செய்வது, எப்போது? கச்சான் அடிக்கிற நாளில் நமக்குப் பார்த்தாலே தெரியும். கொல்கத்தாவிலிருந்து வந்தவருக்கு எல்லாக் காற்றும் காற்றுதான். பழைய வாக்கியம் இந்த ஓட்டையை மூடி வைத்திருந்தது. எளிமைப்படுத்த உட்கார்ந்தால்தான் நாம் சொல்லாமல் விட்டது கண்ணில் படுகிறது. என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதிப் பயன் இதுதான்.

திரையில்: வீ வில் கம் டு யுவர் லாட்ஜ் அட் 6 ஏ.எம். இஃப் த விண்ட் இஸ் ஸ்ட்ராங், வீ வில் கேன்சல் த ட்ரிப். வீ வில் செண்ட் யூ எ மெசேஜ் அட் 5 ஏ.எம். இஃப் வீ கேன்சல், வீ வில் ரிட்டர்ன் யுவர் மணி. சிட் அன்டில் த போட் ஸ்டாப்ஸ். கீப் யுவர் ஹேண்ட்ஸ் இன்சைட் த போட்.

குரல்: நீளம் கூடிவிட்டது, பரவாயில்லை. ‘ஷார்ப்’ போய்விட்டது. நம் ஊரில் அது நேரத்தைச் சொல்லும், வெளியூர்க்காரருக்கு அது கத்தியின் கூர்மை.

இதோடு வேகம் பிடித்து ‘டிஸ்எம்பார்க்’, ‘கமென்ஸ்’, ‘இன்க்ளெமென்ட் வெதர்’ என்று எழுதிவிடாதீர்கள். அது அரசாங்கக் கடிதம். ‘ஸ்டார்ட்’ இருக்கும்போது ‘கமென்ஸ்’ எதற்கு? பிறகு, நமக்கே உரிய சில சொற்கள்: ‘ப்ரிபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘டூ த நீட்ஃபுல்’. குஜராத்திக்காரர் புரிந்துகொள்வார், பிரெஞ்சுக்காரர் முழிப்பார்.

எல்லா ஒட்டுச் சொல்லையும் துரத்த வேண்டும் என்றும் இல்லை. ‘கோ அப்’, ‘கம் இன்’ எல்லாம் சொன்னபடியே பொருள் தருபவை. ‘செக் அவுட்’ லாட்ஜில் தங்கிய எவருக்கும் பழக்கம். அதைப் பிடுங்கிவிட்டு ‘டிபார்ச்சர் ப்ரொசீஜர்’ என்று வைத்தால் இருந்த தெளிவும் போய்விடும்.

புரிந்ததா என்று சோதிக்க, “புரியுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்தியை வாசிக்கக் கொடுத்துவிட்டு, “காற்று பலமா இருந்தா காலையில என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். “அஞ்சு மணிக்கு போனைப் பார்ப்பேன்” என்றால் சரி. “ஆறு மணிக்குப் படகுத்துறைக்கு வந்துடுவேன்” என்றால் முதல் மூன்று வாக்கியங்களை மறுபடி எழுதுங்கள். ஐந்து மணிச் செய்தியை முதல் வரிக்குக் கொண்டுவந்து, இன்னொரு விருந்தாளியிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.