சமாளிக்கலாம்

"முதல் மூன்று போன் கோலிலேயே 'வேலையை விடுவீங்களா, யார் சமைக்கிறது' என்று கேட்டால், அது கலியாணப் பேச்சா, நேர்முகப் பரீட்சையா?" என்றார் எதிரணி ஐயா.

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். வேலை, வீடு, சமையல் எல்லாவற்றையும் கலியாணத்துக்கு முன்பே வெளிப்படையாகப் பேசவேண்டும் என்பது எங்கள் அணி.

பரீட்சைதான் ஐயா. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதில் கேட்பது "சாப்பிட்டீங்களா? என்ன கறி?" இரண்டு கிழமை கறியிலேயே ஓடிவிடும்.

உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, மூதூரில் மாகாணப் பாடசாலை ஆசிரியை. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வங்கி வேலை. மூன்றாவது கோலில் இவள் கேட்டாள்: "கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் எங்கே இருக்கிறது?" அவர் சொன்னது ஒரே சொல்: "சமாளிக்கலாம்." இவளுக்கு விளங்கியது, அவர் திருகோணமலைக் கிளைக்கு மாறி வருவார். அவர் நினைத்தது, இவள் கொழும்புக்கு மாற்றம் எடுப்பாள். மாமியார் நினைத்தது, மருமகள் வேலையை விடுவாள். ஒரு சொல், மூன்று வீடு!

தாலி ஏறிய பிறகுதான் இடமாற்றம் விசாரித்தார்கள். மாகாணம் மாறுவதென்றால் கிழக்கு விடவேண்டும், மேற்கு ஏற்கவேண்டும், இவள் இடத்துக்குப் பதிலாள் வேண்டும். கொழும்பை விட்டு மூதூருக்கு வர யார் வரிசையில் நிற்கிறார்கள்? சரி, மாப்பிள்ளை வெள்ளி இரவு கோட்டையில் ரயில் ஏறினார், சனி விடிய இங்கே இறங்கினார், ஞாயிறு இரவு திரும்ப ஏறினார். கூடவே ஐந்து நாள் அழுக்கு உடுப்பு ஒரு பை. அவர் நித்திரை, இவள் தோய்க்கிறாள். "இதை யார் தோய்க்கிறது என்று பேசினோமா?" என்று கேட்டாளாம். கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. என்ன பதில்? நீங்களே சொல்லுங்கள் சபையோரே... அதேதான்!

"மாற்றம் கிடைக்காவிட்டால் இப்படி எத்தனை வருசம் உங்களுக்குச் சம்மதம்?" என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஒரு எண் சொல்ல முடியாதவர் இன்னும் யோசிக்கவில்லை என்று தெரிந்திருக்கும். எதிரணித் தங்கை, 'சொன்ன சொல்லை ஆள் பிறகு மாற்றலாம்' என்றா. பாதி சரி. ஆனால் சொன்ன சொல் ஒன்று இருந்தால்தானே தங்கச்சி, மாறினது தெரியும்?

ஐயா இன்னொன்றும் சொன்னார்: "நாங்கள் ஒன்றும் பேசாமல்தான் கட்டினோம், முப்பது வருசம் ஓடவில்லையா?" ஐயா கட்டின அக்கா மூன்றாவது வரிசையில் இருக்கிறா. அக்கா, முப்பது வருசமாக விடிய எழும்பிப் புட்டு அவித்தது யார்? பாருங்கள், சிரிக்கிறா. பதில் சொல்லவில்லை.

எங்கள் அம்மாவும் இப்படித்தான் சிரிப்பா. அவவின் பெட்டியில், கூறைச் சேலைக்கு அடியில், ஒரு நியமனக் கடிதம் இருந்தது. மடிப்பு கிழிந்து, எழுத்து மங்கி. போகாத வேலை. "அப்பா போகவேண்டாம் என்றாரா?" என்று கேட்டேன்.

"இல்லையடா. போறியா என்றும் கேட்கவில்லை."

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இறங்குகிறேன்.