ஒரு தூதருக்கு 84 விநாடி

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, எனக்கு முன்னரே சிறப்பாகப் பேசி என் குறிப்பில் பாதியைத் தேவையற்றதாக்கிவிட்ட பேராசிரியர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். காலமுறை மீளாய்வு, சிறப்பு அறிக்கையாளர்கள், இவ்விரண்டுக்கும் உள்ள உறவு என்று மூன்று தலைப்புகளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2008 முதல் நடத்திவரும் காலமுறை மீளாய்வில், வல்லரசாயினும் சிறு தீவாயினும், 193 உறுப்பு நாடுகளும் ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் மனித உரிமை நிலை பற்றி ஜெனீவாவில் பதில் சொல்ல அமர வேண்டும். அங்கே நீதிபதி இல்லை, தீர்ப்பும் இல்லை. கேள்வி கேட்பவர்கள் பிற நாட்டுத் தூதர்களே.

முதல் சுற்றில் ஒரு வேடிக்கை நடந்தது. நாடு ஒன்றுக்கு மூன்று மணி நேரம். முதலில் பெயர் கொடுத்தவருக்கே முதலில் பேச்சு. ஆகவே கோட்டும் டையுமாகத் தூதரக அலுவலர்கள் விடியுமுன்பே வாசலில் வரிசை கட்டினார்கள். வேண்டிய நாட்டைப் பாராட்ட வந்தவர்கள் முன்னிடங்களைப் பிடித்துக்கொண்டால், குறை சொல்ல வந்தவர் பேசாமலே திரும்பினார். 2011-இல் விதி மாறியது: பெயர் கொடுத்த எவருக்கும் இடமுண்டு, நேரம் பங்கிடப்படும். இன்றைய 210 நிமிடத்தில் 70 நிமிடம் மீளாய்வுக்கு உள்ளாகும் நாட்டுக்குப் போகிறது. நூறு நாடுகள் பேச வந்தால் எஞ்சிய 140 நிமிடத்தில் தலைக்கு 84 விநாடிதான்.

அந்த 84 விநாடியில் தூதர் எதைப் பரிந்துரைப்பார்? இங்கேதான் 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று நான் எல்லா மேடையிலும் சொல்லிவருவது பொருந்துகிறது. மக்கள் அமைப்புகள் அந்த அமர்வில் பேச முடியாது. ஆனால் பல மாதங்களுக்கு முன்பே எழுதி அனுப்பலாம். தனி அமைப்புக்கு 2,815 சொல், கூட்டறிக்கைக்கு 5,630 சொல். அவற்றின் சாரம் பத்துப் பக்கமாகச் சுருங்கித் தூதர்களின் மேசைக்குப் போகிறது.

'காவல் நிலையச் சாவுகள் கவலை அளிக்கின்றன' என்று நாம் எழுதினால், தூதர் 'நிலைமையை மேம்படுத்துக' என்பார். அரசும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். 'ஒவ்வொரு சாவையும் காவல்துறை சாராத மருத்துவர் உடற்கூறாய்வு செய்ய வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். அதைச் செய்ததா என்று அடுத்த சுற்றில் ஆம், இல்லை என்று கேட்கலாம். அரசுக்கு இருப்பவை இரண்டே விடைகள்: 'ஏற்கிறோம்', 'குறித்துக்கொள்கிறோம்'. இரண்டாவது, மறுப்பின் நாகரிகமான பெயர்.

பேரவை நியமிக்கும் தனி வல்லுநர்களான சிறப்பு அறிக்கையாளர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஊதியமின்றி, கூடிப்போனால் ஆறு ஆண்டு பணிபுரியும் அவர்கள், அரசு அழைத்தாலன்றி ஒரு நாட்டுக்குள் அதிகாரபூர்வமாகச் செல்ல இயலாது. ஆயினும் அவர்களுக்கு நாம் எந்த நாளிலும் எழுதலாம். நாலரை ஆண்டு காத்திருக்க வேண்டாம். அழுத பிள்ளை இங்கேயும் அழலாம், ஆனால் பெயர், தேதி, இடத்தோடு அழ வேண்டும். அவர்கள் அரசுக்கு அனுப்பும் குற்றச்சாட்டுக் கடிதம், பொதுவாக 60 நாட்களுக்குப் பின் பதிலோடோ பதிலின்றியோ வெளியிடப்படுகிறது. அப்படிப் பதில் வராத கடிதத்தின் தேதியை உங்கள் 2,815 சொற்களின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.