பில் புத்தகத்தில் கிடைத்த தலைப்பு

நேயர்களுக்கு வணக்கம். வீடியோவுக்குத் தலைப்பு வைப்பதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அதை ஒரு கதையாகச் சொல்கிறேன்.

திருவல்லிக்கேணியில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவர். ஆறு வருடமாக யூடியூபில் வீடியோ போடுகிறார். எல்லாம் நல்ல வேலைதான், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. ஒன்றின் தலைப்பு, ‘கப்ளர் மாற்றுதல், பாகம் 14’. ஆயிரம் பேர் கண்ணில் பட்டால் ஒன்பது பேர்தான் தொட்டார்கள். பாதி வீடியோக்களுக்கு நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை தொடுவார்கள் என்று யூடியூபே சொல்கிறது. இவருக்கு நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

ஒரு மழை நாள். கடையில் கூட்டமில்லை. பழைய பில் புத்தகத்தைப் புரட்டினார். வாடிக்கையாளர் சொன்ன குறையை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு. ‘சத்தம் வருது, சுத்தல.’ அடுத்த பக்கத்திலும் அதே. கப்ளர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் அந்தப் பல்லுப் பல்லான துண்டு தேய்ந்தால், மோட்டார் ஓடும், பிளேடு நிற்கும். வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது பிளேடு நிற்பது மட்டும்தான். கப்ளர் ரிப்பேர்காரர் கண்டுபிடித்த விடை. தேடுகிறவரிடம் இருப்பது குறை. இதை எங்கே போனாலும் நான் சொல்வேன்: தேடுகிறவரிடம் இருப்பது குறைதான், விடை இல்லை.

அன்றே மாற்றினார்: ‘மிக்ஸி ஓடுது, பிளேடு சுத்தலையா? mixie jar suthala’. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், அதனால் அந்தக் கடைசி மூன்று சொல். தலைப்புக்கு 100 எழுத்து வரை இடமுண்டு, ஆனால் போனில் பின்பாதி வெட்டுப்படும். அதனால் குறையை முன்னால் வைத்தார். வீடியோவின் முகவரியும் பழைய பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும், தலைப்பு மட்டும்தான் மாறும்.

ஒரு வாரம் அசைவில்லை. அப்புறம் தேடலில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தொட்டவர்கள் நின்று பார்த்தார்கள், அதனால் இன்னும் பலர் கண்ணில் பட்டது. ஆயிரத்துக்கு ஒன்பது, அறுபதைத் தாண்டியது.

ஆசை வந்தது. இன்னொரு வீடியோவுக்கு ‘2 நிமிடத்தில் மோட்டார் ரெடி’ என்று வைத்தார். உள்ளே இருப்பதோ முக்கால் மணி நேர வேலை. தொட்டவர்கள் கூடினார்கள், முதல் முப்பது நொடிக்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். சில நாளில் வீடியோ மறுபடியும் அடங்கியது. பழைய தலைப்பையே திருப்பி வைத்தார்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன்: முகப்புப் படத்தையும் தலைப்பையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாது. நன்றாக ஓடும் வீடியோவைத் தொடாதீர்கள்.

கதை முடிவு? ஒரு காலை கடைக்குப் போன் வந்தது. ‘அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே கழட்டிட்டேன். அந்தத் துண்டுக்குப் பேரு என்ன, கடையில என்னன்னு கேக்கணும்?’

‘கப்ளர்மா,’ என்றார்.