நான்கு தொப்பி, ஒரு ஆள்: பார்வையும் வெட்டும்

(குறும்படப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மேஜையில் நான்கு பொருள்கள் இருக்கின்றன. ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு குரங்குக் குல்லா, ஒரு கிரிக்கெட் தொப்பி, ஒரு காக்கித் தொப்பி. துண்டை முண்டாசாகக் கட்டினால் டீ மாஸ்டர். குல்லா போட்டால் பெரியவர். கிரிக்கெட் தொப்பி கல்லூரிப் பையனுக்கு, காக்கித் தொப்பி வாட்ச்மேனுக்கு. ஆள் ஒருவர்தான். டீக்கடையில் நான்கு பேர் ஒரு கிழிந்த ஐம்பது ரூபாய் நோட்டுக்காகப் பேசிக்கொள்ளும் ஒரு நிமிடக் காட்சியை ஒரு போன், ஒரு முக்காலி, ஒரு ஜன்னல் வெளிச்சம் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எடுப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் வசனத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இதை வைத்துத்தான் பேசப் போகிறோம்.

மாஸ்டர்: "அண்ணே, இது கிழிஞ்ச நோட்டுண்ணே."
வாட்ச்மேன்: "யோவ், காலைல நீ குடுத்த சில்லறைய்யா இது!"
பையன்: "எதுக்குண்ணே சண்டை, ஜிபே பண்ணி விடுங்க."
பெரியவர்: "தம்பி, அந்த நோட்டை இப்படிக் குடு, பார்ப்போம்."

யார் பேசுகிறார் என்பதைத் தொப்பி சொல்லிவிடும். யாரிடம் பேசுகிறார் என்பதைத் தொப்பியால் சொல்ல முடியாது. அதைக் கண்தான் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வீடியோக்கள் பாதிக்கு மேல் தவறுவது இந்த இடத்தில்தான். நான்கு பேரும் லென்ஸைப் பார்த்தே பேசுவார்கள். பார்க்கிறவருக்கு நான்கு பேர் கூடியிருப்பதாகவே தோன்றாது, நான்கு பேர் தனித்தனியாகத் தன்னிடம் முறையிடுவதாகத் தோன்றும். கேரளத்துக் கூடியாட்டத்தில் பகர்ந்நாட்டம் என்ற முறை உண்டு. வேஷத்தை மாற்றாமலே ஒரே நடிகர் பல பாத்திரங்களாக மாறி மாறி ஆடுவார். அங்கேயும் இன்னார் இன்னாரிடம் பேசுகிறார் என்று காட்டிக்கொடுப்பது நிற்கும் நிலையும் பார்வையும்தான். நம் கையில் தொப்பி கூடுதலாக இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மறந்துவிடக் கூடாது.

அதனால் எழுதி முடித்ததும் இருக்கை வரிசையைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். திரையில் இடமிருந்து வலமாக மாஸ்டர், பெரியவர், பையன், வாட்ச்மேன். மாஸ்டர் நிற்கிறார், மற்ற மூவரும் பெஞ்சில். இனி ஒரே விதிதான்: வரிசையில் தனக்கு இடப்பக்கம் இருப்பவரைப் பார்க்கும்போது கண் திரையின் இடப்பக்கம் போக வேண்டும், வலப்பக்கம் இருப்பவரைப் பார்க்கும்போது வலப்பக்கம். மாஸ்டர் எப்போதும் வலதுபக்கமே பார்ப்பார். வாட்ச்மேன் எப்போதும் இடதுபக்கமே பார்ப்பார். நடுவில் இருக்கும் இருவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் வேலை. ஒரே ஒரு ஷாட்டில் இது மாறிவிட்டாலும், வாட்ச்மேன் மாஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு யாரையோ திட்டுவது போல ஆகிவிடும்.

நடிக்கும்போது இடம் வலம் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. போனை எதிர்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் திரையின் இடது தன் வலதுகைப் பக்கம். செல்ஃபி கேமராவில் எடுத்தால் குழப்பம் இன்னும் கூடும்; எடுக்கும்போது தெரிவது கண்ணாடி பிம்பம், சேமிப்பில் பல போன்களில் அது திரும்பிவிடும். பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். முக்காலிக்குப் பின்னால், லென்ஸ் உயரத்தில், குறுக்கே ஒரு கொடிக்கயிறு கட்டுங்கள். அதில் துணி கிளிப்பால் மூன்று சீட்டுகளை மாட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுதுங்கள். பையனாக நடிக்கும்போது லென்ஸுக்கு ஒருபுறம் ஒரு ஜாண் தள்ளிப் பெரியவர், இரண்டு ஜாண் தள்ளி மாஸ்டர். மறுபுறம் ஒரு ஜாணில் வாட்ச்மேன். பெயரைப் பார்த்துப் பேசினால் போதும். மாஸ்டர் நிற்பவர் ஆகையால் அவருடைய சீட்டு மட்டும் கயிற்றுக்கு ஒரு ஜாண் மேலே இருக்கட்டும். மாஸ்டராக நடிக்கும்போது மற்ற மூவரின் சீட்டும் அதேபோலக் கீழே தொங்கட்டும்.

பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க ஒருவர் முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டுமே, ஒரு ஜாண் எப்படிப் போதும் என்று நீங்கள் கேட்கலாம். முழுக்கத் திருப்பினால் கேமராவுக்குக் காது மட்டும்தான் தெரியும், முகபாவம் போய்விடும். பார்ப்பவர் கோணத்தை அளந்து பார்ப்பதில்லை, திசையை மட்டும்தான் கவனிக்கிறார். இரண்டு கண்ணும் தெரிகிற அளவுக்குத் திரும்பினால் போதும்.

அடுத்து, எந்த வரிசையில் எடுப்பது. வசன வரிசையில் எடுத்தால் வரிக்கு வரி தொப்பி மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் முண்டாசு வேறு மாதிரி உட்காரும். ஒரு பாத்திரத்தின் எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போங்கள். எங்கள் கணக்கில் பையன் முதலில், பிறகு மாஸ்டர், வாட்ச்மேன், கடைசியில் பெரியவர். பையனுக்குத் தொப்பிக்கு வெளியே முடி தெரியும், அது கலையாமல் இருக்க வேண்டும். குரங்குக் குல்லா முடியை அமுக்கி, வியர்க்கவும் வைத்துவிடும். பெரியவரின் கரகரத்த குரலும் தொண்டையைப் புண்ணாக்கிவிடும், அதற்குப் பிறகு பையனின் குரல் எழும்பாது. முண்டாசை ஒருமுறை நன்றாகக் கட்டி, மறைவான இரண்டு இடங்களில் ஊக்கு குத்தி, தொப்பியைப் போலவே கழற்றி மாட்டுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி என்று ஒரு அளவு வைத்துக்கொண்டால் மறுநாள் ஒரு வரியை மறுபடி எடுக்க நேர்ந்தாலும் பொருந்தும்.

இப்படி எடுப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பையனைப் பத்து மணிக்கு எடுக்கிறீர்கள், பெரியவரைப் பதினொன்றரைக்கு. அதற்குள் ஜன்னல் வெளிச்சம் நகர்ந்துவிடும். தொடர்ச்சியாகப் பார்க்கும்போது அந்த வித்தியாசம் தெரியாது. இருவரையும் மாற்றி மாற்றி வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் கண்ணைக் குத்தும். நேர் வெயில் விழாத ஜன்னலாகத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் திரையை மூடிவிட்டு விளக்கிலேயே எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் போனில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் சில விளக்குகளில் வரும் மினுமினுப்பு அடங்கும்.

தொப்பியே வெளிச்சத்தைக் கெடுப்பதும் உண்டு. தானியங்கி அமைப்பில் விட்டால், வெள்ளை முண்டாசைக் கண்டதும் போன் காட்சியை இருட்டாக்கும், மாஸ்டரின் முகம் கறுத்துப்போகும். கரிய குல்லாவைக் கண்டதும் வெளிச்சத்தைக் கூட்டும், பெரியவரின் முகம் வெளுத்துவிடும். தொப்பி இல்லாத வெறும் முகத்தைத் திரையில் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு அதன் பிறகு தொப்பியை மாட்டுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று மேலே தெரியும். கிரிக்கெட் தொப்பியின் நுனி கண்மேல் நிழல் போட்டால் பின்புறமாகத் திருப்பிப் போடுங்கள். பையனுக்கு அது பொருத்தமாகவும் இருக்கும்.

குரலைப் பற்றிக் கேட்டால் பலரும் உடனே கீச்சுக் குரல், கட்டைக் குரல் என்று சுருதிக்குத் தாவுகிறார்கள். சுருதியைப் பத்து வரி வரைக்கும் தாங்கிப் பிடிப்பது கடினம், பதினோராவது வரியில் சொந்தக் குரல் எட்டிப் பார்க்கும். அதைவிட நம்பகமானவை வேகமும் வாக்கியத்தின் முடிவும். பையன் வேகமாகச் சொல்லி, கடைசிச் சொல்லை விழுங்கட்டும். பெரியவர் "தம்பி" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு மீதியைச் சொல்லட்டும். வாட்ச்மேன் முதல் சொல்லிலேயே உரக்க ஏறி, போகப் போகத் தணியட்டும். மாஸ்டர் கடைசி எழுத்தை இழுக்கட்டும்: "நோட்டுண்ணேஏ." சோதிப்பது சுலபம். படம் எடுக்கும் முன்பே எல்லா வரிகளையும் ஒலியாகப் பதிந்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று என்றால், எந்த இருவர் ஒன்றாகிவிட்டார்கள் என்று கண்டுபிடித்து, ஒருவரின் வேகத்தை மாற்றுங்கள். இன்னொன்று, குரங்குக் குல்லா காதை மூடுவதால் உங்கள் குரலே உங்களுக்குச் சரியாகக் கேட்காது, தெரியாமலே கத்திவிடுவீர்கள். பெரியவரின் முதல் வரியைப் பதிந்ததும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது வெட்டுக்கு வருவோம். பேசுபவர், வெட்டு, அடுத்துப் பேசுபவர், வெட்டு என்று போனால் பந்து விளையாட்டு போல இருக்கும். வாட்ச்மேன் "நீ குடுத்த சில்லறைய்யா இது" என்று சொல்லும்போது பாதியிலேயே மாஸ்டரின் முகத்துக்குப் போக வேண்டும். குரல் வாட்ச்மேனுடையது, திரையில் திகைத்து நிற்பது மாஸ்டர். அந்த நொடியில்தான் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்ப்பவர் நம்புகிறார். இதற்கு மாஸ்டர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஷாட் கையில் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்து முடித்ததும் தொப்பியைக் கழற்றும் முன், ஒவ்வொரு சீட்டையும் பார்த்தபடி பத்துப் பத்து நொடி சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். முன்பே பதிந்த வசனத்தை அப்போது ஓடவிட்டால் முகபாவம் தானே வரும். அந்த ஷாட்டின் ஒலியை எப்படியும் நீக்கிவிடப் போகிறோம்.

குறுக்கே பேசும் இடங்களில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. பையன் வாட்ச்மேனின் பேச்சில் குறுக்கிடுகிறான் என்றால், வாட்ச்மேனாக நடிப்பவர் அந்த இடம் வந்ததும் தானாகவே நிறுத்திவிடுகிறார். யாரோ குறுக்கிடப் போகிறார் என்று முன்பே தெரிந்து காத்திருப்பது போல இருக்கும். வாட்ச்மேனுக்கு உபரியாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள்: "யோவ், காலைல நீ குடுத்த சில்லறைய்யா இது, நான் எண்ணிக்கூடப் பார்க்கல..." முழுதும் சொல்லட்டும். "எண்ணிக்கூ" என்னும்போது கத்தரியை வையுங்கள். பையனின் குரல் அவன் முகத்துக்கு நாலைந்து ஃபிரேம் முன்பே தொடங்கட்டும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி. கண் அதைக் கவனிக்காது, ஆனால் சண்டை சூடாக இருப்பதாகக் காது சொல்லும்.

இனி அந்த நோட்டு. வாட்ச்மேன் கையிலிருந்து பையன் வழியாகப் பெரியவரிடம் போக வேண்டும். வாட்ச்மேன் நோட்டைத் திரையின் இடது விளிம்புக்கு வெளியே நீட்டுகிறார். கை விளிம்பைத் தாண்டும் அந்தக் கணத்தில் வெட்டு. பையனின் ஷாட்டில் வலது விளிம்பிலிருந்து நோட்டைத் தன் கையால் உள்ளே இழுக்கிறான், பார்த்துவிட்டு இடது விளிம்புக்கு வெளியே நீட்டுகிறான். மறுபடி வலது விளிம்பிலிருந்து பெரியவர் வாங்குகிறார். கை வெளியே போன உயரமும் உள்ளே வந்த உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் கொடுத்துத் தோள் உயரத்தில் வாங்கினால் தந்திரம் வெளிப்பட்டுவிடும். சட்டைப் பொத்தான் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். கிழிசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவரை ஒரே ஷாட்டில் காட்ட ஆசை வரும். ஒரு ஸ்டூலின் மேல் குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் முண்டாசை வைத்துக் கேமராவுக்கு மிக அருகில், திரையின் இடது ஓரமாகப் பாதி மட்டும் தெரியும்படி நிறுத்துங்கள். ஃபோகஸ் பின்னால் இருக்கும் பையனின் முகத்தில் இருக்கட்டும். மங்கலாகத் தெரியும் குடம் மாஸ்டரின் தலையாகிவிடும். மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். குடம் அசையாது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

தொப்பிகளை மடித்து வைக்கும் முன் ஒரே ஒரு வேலை பாக்கி. அதே அறையில், அதே மின்விசிறி நிலையில், யாரும் பேசாமல் முப்பது நொடி ஒலி பதியுங்கள். நான்கு பேரின் துண்டுகளையும் ஒட்டும்போது இடையில் அறையின் இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்கும். இந்த முப்பது நொடியை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடவிட்டால் வெட்டுகளின் ஓட்டை அடைபடும். மின்விசிறியைப் படம் எடுக்கும்போதே நிறுத்திவிட்டிருந்தால் இன்னும் நல்லது.